அரைச் சம்பள விடுப்பும் கம்யூட்டட் லீவும்: ஈட்டிய விடுப்பை எப்போது தொடாமல் வைப்பது?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பல ஆண்டுகள் விடுப்புக் கணக்கு எழுதியவன் நான். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய சக ஊழியர் ஒருவரின் விடுப்பு ஆணை ஒரு நாள் என் மேசைக்கு வந்தது. 26 நாள். மருத்துவச் சான்று இருந்தது, உடல்தகுதிச் சான்று இருந்தது, கையெழுத்துகள் எல்லாம் சரி. 'விடுப்பின் வகை' என்ற இடத்தில் மட்டும் பழக்கத்தில் 'இ.எல்.' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியே ஆணையும் ஆகிவிட்டது.

அவருடைய கணக்கைத் திறந்தால், அரைச் சம்பள விடுப்பு 352 நாள் கிடக்கிறது. ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுதான். அந்த 'இ.எல்.' என்ற சொல்லால் அவருக்கு ஏறக்குறைய 39,000 ரூபாய் போகவிருந்தது. அது அவருக்குத் தெரியாது. இத்தனைக்கும் விவரமான மனிதர். விடுப்பு விதிகளை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, அதுதான் காரணம். அந்த 39,000 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால், எந்த விடுப்பை எப்போது எடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இங்கே சொல்வது மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி. ரயில்வேயில் இதே கணக்கு எல்.ஏ.பி., எல்.எச்.ஏ.பி. என்ற பெயர்களில் தனி விதிப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஈட்டா விடுப்பு என்ற வேறு ஏற்பாடு உண்டு. ஆகவே மாநில அரசில் இருப்பவர்கள் இந்த எண்களைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இரண்டு பானைகள்

உங்கள் விடுப்புக் கணக்கை இரண்டு பானைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பானை ஈட்டிய விடுப்பு, அதாவது இ.எல். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் ஜூலை 1 அன்றும் அதில் 15 நாள் முன்கூட்டியே வரவு வைக்கப்படும். ஆண்டுக்கு 30. எடுக்கும் நாளுக்கு முழுச் சம்பளம். ஆனால் இந்தப் பானைக்கு ஒரு விளிம்பு உண்டு. 300 நாளுக்கு மேல் சேராது.

இரண்டாவது பானை அரைச் சம்பள விடுப்பு. அலுவலகத்தில் ஹெச்.பி.எல். என்போம். இதில் அதே இரண்டு தேதிகளில் 10 நாள் வரவு, ஆண்டுக்கு 20. எடுத்தால் பாதிச் சம்பளம்தான். ஆனால் இதற்கு விளிம்பே கிடையாது. 30 ஆண்டு ஒரு நாளும் தொடாமல் இருந்தால் 600 நாள் சேர்ந்து நிற்கும்.

தற்செயல் விடுப்பு எனும் சி.எல். இந்தக் கணக்கில் சேராது. அதை இந்த இரண்டோடும் ஒட்டி எடுக்கவும் முடியாது. அதை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

கம்யூட்டட் லீவு என்ன என்று கேட்டால், அது மூன்றாவது பானை இல்லை. அதற்கென்று தனியாக வரவு எதுவும் கிடையாது. இரண்டாவது பானையிலிருந்து இரண்டு நாளை எடுத்து, ஒரு நாள் முழுச் சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்கிறோம். பாதிச் சம்பள நாள் இரண்டு சேர்ந்தால் முழுச் சம்பள நாள் ஒன்று. அவ்வளவுதான் அதன் இலக்கணம். 26 நாள் கம்யூட்டட் லீவு எடுத்தால் ஹெச்.பி.எல். கணக்கில் 52 நாள் கழியும். கையிருப்பு 352 என்றால் அதிகபட்சம் அதில் பாதி, 176 நாள் வரை கம்யூட்டட் லீவு கேட்கலாம்.

மாற்றிக்கொள்வதற்கு நிபந்தனை இருக்கிறது. உங்கள் உடல்நலக் குறைவுக்கான மருத்துவச் சான்று வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மனைவிக்கு அறுவை சிகிச்சை என்றால் கம்யூட்டட் லீவு கிடையாது. சான்று உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விடுப்பு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்புவீர்கள் என்று விடுப்பு தரும் அதிகாரிக்கு நம்பிக்கையும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

ஹெச்.பி.எல்.-ஐ அப்படியே பாதிச் சம்பளத்தில் எடுக்கச் சான்று தேவையில்லை. சொந்த வேலைக்கும் எடுக்கலாம், சான்றோடும் எடுக்கலாம்.

39,000 எங்கிருந்து வந்தது

ஓய்வுபெறும் நாளில் மிச்சமிருக்கும் விடுப்புக்குப் பணம் தருகிறார்கள். இதற்கும் 300 நாள்தான் உச்சம். முதலில் இ.எல். கையிருப்பை எண்ணுவார்கள். அது 300-க்குக் குறைந்தால் மட்டும், குறைந்த நாள்களுக்கு ஹெச்.பி.எல்.-இலிருந்து எடுத்து நிரப்புவார்கள். அப்படி நிரப்பும் நாளுக்குப் பாதிச் சம்பளக் கணக்கில்தான் பணம். அந்த இடத்தில் இரண்டை ஒன்றாக மாற்றி முழுச் சம்பளமாகக் கேட்க முடியாது. அதை விதியே தடுக்கிறது.

இப்போது நம் ஊழியரின் கணக்கு. எண்கள் எளிதாக இருக்க, அடிப்படைச் சம்பளம் 60,000, அகவிலைப்படி அதில் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 90,000. 30-ஆல் வகுத்தால் ஒரு இ.எல். நாளின் மதிப்பு 3,000 ரூபாய். ஒரு ஹெச்.பி.எல். நாளின் மதிப்பு 1,500. நான்கு ஆண்டில் சம்பளமும் அகவிலைப்படியும் ஏறும், உண்மையான தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவரிடம் 214 இ.எல்., 352 ஹெச்.பி.எல். இருந்தன. ஊருக்குப் போக, வீட்டு விசேஷம் என்று ஆண்டுக்கு ஏறக்குறைய 12 இ.எல். எடுப்பவர். 30 வரவில் 12 போனால் ஆண்டுக்கு 18 மிச்சம். நான்கு ஆண்டில் 72 சேரும்.

26 நாளையும் கம்யூட்டட் லீவாக எடுத்திருந்தால் இ.எல். 214 அப்படியே நிற்கும். ஓய்வுபெறும்போது 286 ஆகும். 286 நாளுக்கு 8,58,000. குறையும் 14 நாளை ஹெச்.பி.எல். நிரப்பும், அது 21,000. மொத்தம் 8,79,000.

இ.எல். ஆகவே எடுத்தால் கையிருப்பு 188. நான்கு ஆண்டில் 260. அதற்கு 7,80,000. குறையும் 40 நாளுக்கு ஹெச்.பி.எல். கணக்கில் 60,000. மொத்தம் 8,40,000.

வித்தியாசம் 39,000. இரண்டு வழியிலும் சிகிச்சைக் காலத்தில் அவருக்குக் கிடைத்த சம்பளம் ஒன்றேதான், முழுச் சம்பளம். கம்யூட்டட் லீவில் 52 ஹெச்.பி.எல். போகிறதே, அது நஷ்டமில்லையா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. 352-இல் 52 போனால் 300. நான்கு ஆண்டில் இன்னும் 80 சேர்ந்து 380 ஆகும். ஓய்வுபெறும் நாளில் அதிலிருந்து பணமாகப் போவது 14 நாள்தான். மீதி 366 நாளுக்கு ஒரு பைசா வராது. கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிக முக்கியமானது இதுதான். ஹெச்.பி.எல். நிறையச் சேர்ந்திருப்பது சேமிப்பு மாதிரி தெரியும். ஓய்வு நெருங்கியவருக்கு அதில் பெரும்பகுதி சேமிப்பே இல்லை. 300 நாள் இ.எல்.-ஐயும் 400 நாள் ஹெச்.பி.எல்.-ஐயும் வைத்துக்கொண்டு ஓய்வுபெற்றவர்களின் கணக்கை என் கையாலேயே முடித்திருக்கிறேன். அந்த 400-க்கு எதுவும் எழுத இடமில்லை. சிலர் உடம்பு முடியாத நாள்களிலும் அலுவலகம் வந்து உட்கார்ந்தவர்கள். அதை நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும்.

இ.எல்.-ஐக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு. விடுமுறைப் பயணச் சலுகையில், அதாவது எல்.டி.சி.-யில் போகும்போது 10 நாள் இ.எல்.-ஐப் பணமாக்கலாம். பணிக்காலம் முழுக்க மொத்தம் 60 நாள் வரை. இது ஓய்வு நேரத்து 300-இல் கழியாது. ஆனால் பணமாக்கிய பிறகும் கணக்கில் குறைந்தது 30 நாள் இ.எல். இருந்தாக வேண்டும். காய்ச்சலுக்கெல்லாம் இ.எல்.-ஐச் செலவழித்தவர்கள் எல்.டி.சி. நேரத்தில் இந்த 30-இல் மாட்டிக்கொள்வதுண்டு.

அப்படியானால் எப்போதும் கம்யூட்டட் லீவுதானா?

இல்லை. நான்கைந்து இடங்களில் இ.எல். எடுப்பதே சரி.

முதலாவது, கணக்கு விளிம்பைத் தொட்டவர்கள். ஜனவரி 1 அன்று உங்களிடம் 300 இ.எல். இருக்கிறது என்றால், புதிய 15 நாளைத் தனியாக 300+15 என்று எழுதுவோம். அந்த அரையாண்டில் நீங்கள் எடுக்கும் இ.எல். முதலில் அந்த 15-இல் கழியும். ஜூன் 30 வரை எடுக்காவிட்டால் 300-க்கு மேல் நிற்பது போய்விடும். மார்ச்சில் சிக்குன்குனியா வந்து 12 நாள் படுத்தீர்கள் என்றால், கையில் சான்று இருந்தாலும் இ.எல். எழுதுங்கள். எப்படியும் போகப்போகும் நாள்கள் அவை. ஹெச்.பி.எல். போகாது, அங்கேயே இருக்கும், பிறகு பெரிய நோய்க்கு உதவும்.

இரண்டாவது, இன்னும் நெடுங்காலம் வேலை இருப்பவர்கள். 35 வயதுக்காரர், ஆண்டுக்கு ஐந்தாறு இ.எல். மட்டுமே எடுப்பவர் என்றால், எப்படியும் 300-ஐத் தொட்டுவிடுவார். இன்று அவர் செலவழிக்கும் இ.எல். பின்னால் தானாக நிரம்பும். அவருக்கு ஓய்வுக்காலப் பணத்தில் வித்தியாசமே வராது. அவருடைய ஹெச்.பி.எல்.-க்கு வேறு வேலை இருக்கிறது. விபத்தோ நீண்ட சிகிச்சையோ வந்தால் முழுச் சம்பளத்தோடு படுத்திருக்க உதவும் காப்பீடு அது. அதே 35 வயதில், ஆண்டுதோறும் வடக்கே இருக்கும் பணியிடத்திலிருந்து ஊர் வந்து போக 25 நாள் இ.எல். செலவழிப்பவர் கதை வேறு. அவருடைய இ.எல். சேரவே சேராது. அவர் நோய்க்கு இ.எல்.-ஐத் தொடாமல் கம்யூட்டட் லீவு எடுப்பது நல்லது. ஆகவே வயதை மட்டும் பார்க்காதீர்கள், ஆண்டுக்கு எத்தனை இ.எல். எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

மூன்றாவது, சான்று இல்லாத சிறு விடுப்பு. மூன்று நாள் வரை என்றால் அதிகாரி விரும்பினால் மருத்துவச் சான்று வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஆனால் அப்படி விட்டுவிட்டால் அது மருத்துவ விடுப்பாகவே கருதப்படாது. எனவே கம்யூட்டட் லீவில் சேர்க்க முடியாது. 'மூன்று நாள்தானே, சான்று எதற்கு, கம்யூட்டட் போட்டுக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுப்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள்.

நான்காவது, வேலைக்குத் திரும்பாமலே போக நினைப்பவர்கள். இது கொஞ்சம் கனமான விஷயம். ஒருவர் 60 நாள் கம்யூட்டட் லீவில் இருக்கிறார். அது முடிவதற்குள், வேலைக்கு வந்து சேராமலேயே விருப்ப ஓய்வோ ராஜினாமாவோ கொடுக்கிறார். அப்போது அந்த 60 நாளும் ஹெச்.பி.எல். என்று மாற்றப்படும். முழுச் சம்பளத்துக்கும் பாதிச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். மேலே சொன்ன சம்பளத்தில் நாளுக்கு 1,500, அறுபது நாளுக்கு 90,000. உடல்நலம் முற்றிலும் கெட்டு அதனால் ஓய்வுபெற நேர்ந்தாலோ, இறந்துவிட்டாலோ வசூலிக்க மாட்டார்கள். விருப்ப ஓய்வை மனதில் வைத்திருப்பவர், நடுவில் வேலைக்கு வந்து சேரும் உறுதி இல்லாவிட்டால், இ.எல். எடுப்பதே பத்திரம். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை வேண்டும் என்று விதி முதலிலேயே சொல்வது இதனால்தான்.

ஐந்தாவதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு ஆனவரிடம் 40 ஹெச்.பி.எல். இருக்கும். கம்யூட்டட் என்றால் 20 நாள்தான். ஒரு டைபாய்டில் அது தீர்ந்துவிடும். பெண் ஊழியர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 180 நாள் மகப்பேறு விடுப்பைத் தொடர்ந்து எடுக்கும் விடுப்பில் 60 நாள் வரை மருத்துவச் சான்று இல்லாமலே கம்யூட்டட் லீவு பெறலாம். அரிதான சலுகை இது. ஆனால் அந்த 60 நாளுக்கு 120 ஹெச்.பி.எல். கணக்கில் இருக்க வேண்டும். நான்கு ஆண்டு பணி முடித்தவரிடம் ஒன்றும் தொடாவிட்டாலே 80-தான் இருக்கும், அதாவது 40 நாள். கைக்குழந்தையோடு இருக்கும்போது அந்த ஒவ்வொரு நாளும் பெரிது. முன்னால் வந்த சளிக்காய்ச்சலுக்கு அதைக் கரைத்துவிடாதீர்கள்.

சான்று இல்லாமல் மாற்றிக்கொள்ள இன்னொரு வழி படிப்பு. பொதுநலனுக்கு உகந்தது என்று சான்றளிக்கப்பட்ட, ஒப்புதல் பெற்ற படிப்புக்காகப் பணிக்காலம் முழுக்க 180 ஹெச்.பி.எல். நாளை, அதாவது 90 நாள் முழுச் சம்பள விடுப்பாக, மாற்றிக்கொள்ளலாம். நடைமுறையில் இதை எடுப்பவர்கள் குறைவு.

பாதிச் சம்பளத்தை யார் தேர்ந்தெடுப்பது?

முழுச் சம்பளத்துக்கு வழியிருக்கும்போது பாதிச் சம்பளத்தை யார் கேட்பார்கள் என்று தோன்றும். மருத்துவச் சான்று தர முடியாதவரும், இ.எல்.-ஐத் தீர்த்துவிட்டவரும், தீர்க்க விரும்பாதவரும் கேட்பார்கள். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்ள 40 நாள் வேண்டும், கணக்கில் இ.எல். 20-தான் என்று வைத்துக்கொள்வோம். நோய் அம்மாவுக்கு என்பதால் கம்யூட்டட் கிடையாது. அப்போது 20 இ.எல்., அதைத் தொடர்ந்து 20 ஹெச்.பி.எல். என்று சேர்த்து எடுக்கலாம்.

பலர் அந்த இடத்தில் சம்பளமில்லா விடுப்புக்குப் போய்விடுகிறார்கள். வேண்டாம். மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு ஆண்டு ஊதிய உயர்வுக் கணக்கில் சேராது. போதாததற்கு அடுத்த அரையாண்டின் இ.எல். வரவிலும் அதில் பத்தில் ஒரு பங்கு குறையும். ஹெச்.பி.எல்.-இல் இந்த இரண்டு வெட்டும் இல்லை. ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்திலும் அது முழுதாகச் சேரும்.

ஆனால் சம்பளச் சீட்டு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அதே 60,000 சம்பளக்காரர் மதுரையில் இருக்கிறார், ஒரு மாதம் முழுக்க ஹெச்.பி.எல். அடிப்படை 30,000 ஆகும். அகவிலைப்படி அந்தப் பாதிக்குத்தான், 15,000. வீட்டு வாடகைப்படி மட்டும் குறையாது. 20 சதவீதம் என்றால் முழுச் சம்பளத்தின் மீதான 12,000 அப்படியே வரும். மொத்தம் 57,000. வேலைக்கு வந்திருந்தால் போக்குவரத்துப்படி நீங்கலாக 1,02,000. மாதம் முழுவதும் விடுப்பு என்பதால் போக்குவரத்துப்படி எப்படியும் இல்லை. வீட்டுக்கடன் தவணையும் கூட்டுறவுச் சங்கப் பிடித்தமும் பாதியாகாது. பிடித்தம் 30,000 இருக்கும் வீட்டில் கைக்கு வருவது 27,000. ஹெச்.பி.எல். கேட்கும் முன் இந்த ஒரு கழித்தலைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

சனி ஞாயிறு எங்கே மாட்டும்

கம்யூட்டட் லீவில் ஒவ்வொரு நாளும் இரண்டாகக் கழிகிறது. விடுப்பின் நடுவில் வரும் விடுமுறை நாள்களும் விடுப்பாகவே எண்ணப்படும். ஆகவே கணக்கு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பது முக்கியம்.

நம் ஊழியரின் விடுப்பு ஒரு திங்கள்கிழமை தொடங்கி நான்காவது வாரத்து வெள்ளிக்கிழமை முடிந்தது. நடுவில் வந்த மூன்று சனி ஞாயிறுகளும் சேர்ந்துதான் 26. கடைசி சனி ஞாயிறு ஏன் சேரவில்லை? மருத்துவர் சனிக்கிழமையே 'வேலைக்குத் தகுதி' என்று சான்று கொடுத்துவிட்டார். தகுதிச் சான்று தேதியும் அதற்குப் பின் ஒட்டி வரும் விடுமுறை நாள்களும் விடுப்பில் சேராமல் தானாகப் பின்னிணையும். அதற்கு முன் வரும் விடுமுறைகள் விடுப்பில் சேரும். அவர் சனிக்கிழமை போகாமல் திங்கள் காலையில் மருத்துவமனைக்குப் போய்ச் சான்று வாங்கி அலுவலகம் வந்திருந்தால், அந்தச் சனி ஞாயிறும் விடுப்பாகி 28 நாள் ஆகியிருக்கும். கம்யூட்டட் கணக்கில் 56 கழியும். சான்றில் இருக்கும் ஒரு தேதிக்காக நான்கு ஹெச்.பி.எல்.

தொடக்கத்திலும் இதே மாதிரிதான். திங்கள்கிழமை உடம்பு சரியில்லை என்று சான்று இருந்தால் முந்தைய சனி ஞாயிறு முன்னிணையும், விடுப்பில் சேராது. சான்று சனிக்கிழமை தேதியில் இருந்தால் அந்த இரண்டு நாளும் விடுப்புதான். மருத்துவரிடம் பொய்யான தேதி கேட்கச் சொல்லவில்லை. குணமான அன்றே போய்ச் சான்று வாங்குங்கள், திங்கள் வரை தள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மருத்துவ விடுப்பில் போனவர் தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேரவும் முடியாது. படிவம் 5 அதற்குத்தான்.

தவறாக எழுதிவிட்டால்

இனி நம் ஊழியரின் 'இ.எல்.'-க்கு வருவோம். அலுவலகம் தானாகவே அதைக் கம்யூட்டட் லீவு என்று மாற்ற முடியாது. விடுப்பை மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் கேட்ட வகையை, உங்கள் எழுத்துமூல வேண்டுகோள் இல்லாமல் மாற்ற உரிமை இல்லை. இது உங்களுக்கும் ஒரு பாதுகாப்புதான். கம்யூட்டட் லீவுக்குத் தகுதியோடு விண்ணப்பித்தவரிடம் 'இ.எல். நிறைய இருக்கிறதே, அதையே எடுங்கள்' என்று யாராவது சொன்னால், அதற்கு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. இ.எல். கையில் இருக்கும்போதே கம்யூட்டட் லீவு கேட்கலாம்.

முடிந்துபோன விடுப்பை வேறு வகையாக மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்கும் வகைக்கு, விடுப்பு எடுத்த சமயத்திலேயே உங்களுக்குத் தகுதி இருந்திருக்க வேண்டும். மாற்றித் தருவது அதிகாரியின் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. கம்யூட்டட் லீவாக மாற்ற வேண்டுமானால் அந்தக் காலத்துக்கான மருத்துவச் சான்று கோப்பில் இருக்க வேண்டும். இ.எல்.-தானே என்று சான்று கொடுக்காமல் விட்டவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அதனால் எந்த வகை எழுதினாலும், உண்மையில் உடம்பு சரியில்லாமல் எடுத்த விடுப்பென்றால் சான்றை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

அவர் பணியில் சேர்ந்து 11 நாள் ஆகியிருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து மேலே சொன்ன இரண்டு கூட்டலையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். "அப்போ அந்த 352-க்கு ஒண்ணுமே வராதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று மாலையே நான்கு வரியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அதிகாரி ஒப்புக்கொண்டு மாற்று ஆணை போட்டார்.

ஆணை வந்ததோடு நான் அவரை விடவில்லை. பணிப்பதிவேட்டில் இருக்கும் விடுப்புக் கணக்கான படிவம் 2-ஐத் திறந்து, பதிந்ததை அவருக்குக் காட்டினேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். கம்யூட்டட் லீவைப் பதியும்போது அடிக்கடி நேரும் தவறு, இரட்டிப்பாகக் கழிக்காமல் 26-ஐ 26 என்றே கழிப்பது. அப்போது நமக்கு லாபம் மாதிரி தெரியும். ஓய்வுக்கு முன் கணக்கைச் சரிபார்க்கும்போது அது வெளிவரும், இடையில் எடுத்த விடுப்புகளையெல்லாம் திருப்பிப் போட நேரும். இன்னொரு தவறு, மாற்று ஆணைக்குப் பிறகு ஹெச்.பி.எல்.-இல் கழித்துவிட்டு, முன்பு கழித்த இ.எல்.-ஐத் திரும்ப வரவு வைக்காமல் விடுவது. அவருடைய பக்கத்தில் இ.எல். 188-ஐ அடித்து 214 என்று எழுதி, சிவப்பு மையில் ஆணை எண்ணும் தேதியும் போட்டு, எதிர்ப்பக்கத்தில் ஹெச்.பி.எல். 352-இல் 52 கழித்து 300 என்று பதிந்தோம். இரண்டு இடத்திலும் அதிகாரியின் சுருக்கொப்பம் விழுந்த பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.